கட் ஆஃப் தேதிக்கு முந்தைய நாள் ஓய்வு பெற்றவரும் 14-ஆவது பிரிவும்

அரசு எந்தச் சலுகையை அறிவித்தாலும் அதில் ஒரு தேதியோ, வயதோ, வருமான வரம்போ இருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்பவர் "எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்க வழி தருவது அரசியலமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. சட்டத்தின் முன் சமம் என்பதையோ, சட்டங்களின் சமமான பாதுகாப்பையோ இந்தியாவுக்குள் எந்த நபருக்கும் அரசு மறுக்கக் கூடாது என்கிறது அது. 'குடிமகன்' என்று அதில் இல்லை, 'நபர்' என்றுதான் இருக்கிறது. அதனால் வெளிநாட்டவருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் கட்டுப்படுவது அரசும் அரசு சார்ந்த அமைப்புகளும்தான். தெருமுனைக் கடைக்காரர் ஒருவருக்குக் கடன் கொடுத்து, இன்னொருவருக்கு மறுத்தால் இந்தப் பிரிவு வராது.

சமம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் முதியோர் உதவித்தொகையை இருபது வயதுக்காரருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே அரசு ஆட்களைப் பிரிக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். உள்ளே இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் பிரித்துக் காட்டும் வேறுபாடு உண்மையானதாக, புரியும்படி இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டுக்கும் திட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இதைத்தான் 'நியாயமான வகைப்பாடு' என்கிறார்கள். வழக்குகள் பெரும்பாலும் இரண்டாவது நிபந்தனையில்தான் தோற்கும், ஜெயிக்கும்.

இதை நன்றாகப் பார்க்க, ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி நகாரா தொடுத்த வழக்கைவிடச் சிறந்த இடம் இல்லை. 1979 மே மாதம் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியது. சராசரிச் சம்பளத்தில் முதல் 1000 ரூபாய்க்கு 50 சதவீதம், அடுத்த 500-க்கு 45, மீதிக்கு 40 சதவீதம். 33 ஆண்டு பணி முடித்த ஒருவருக்குச் சராசரி 1800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 500, 225, 120 சேர்த்து மாதம் 845 ரூபாய். ஆனால் 1979 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெறுபவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு. அதே பதவி, அதே சம்பளம், அதே 33 ஆண்டு. பிப்ரவரி கடைசியில் ஓய்வு பெற்றிருந்தால் பழைய, குறைந்த கணக்குத்தான். அதுவும் சாகும்வரை.

உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் அமர்வு. (அந்த நாளைத்தான் ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன.) நீதிமன்றம் போட்ட கணக்கு எளிமையானது. ஓய்வூதியத்தை உயர்த்தக் காரணம் விலைவாசி. விலைவாசி முன்னால் ஓய்வு பெற்றவரையும் அதே அளவு கடிக்கிறது, சொல்லப்போனால் அதிகமாகவே கடிக்கிறது. அப்படியிருக்க, மார்ச் 31 என்ற தேதிக்கும் அந்த நோக்கத்துக்கும் என்ன உறவு? அரசால் பதில் சொல்ல முடியவில்லை. 48 மணி நேர இடைவெளியில் ஓய்வு பெற்ற இருவரை இரு வகையாக நடத்த எந்த அடிப்படையும் இல்லை என்றது நீதிமன்றம்.

திட்டம் என்றால் ஏதாவது ஒரு தேதியில் தொடங்கித்தானே ஆக வேண்டும் என்று அரசு வாதிட்டதில் நியாயம் இருந்தது. தீர்ப்பின் கெட்டிக்காரத்தனம் அந்த வாதத்தைக் கையாண்ட விதத்தில்தான் தெரிகிறது. பணம் எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும் என்று முடிவு செய்யத் தேதியைப் பயன்படுத்தலாம். யாருக்குக் கிடைக்கும் என்று ஆளைப் பொறுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆணையில் ஆளைப் பிரித்த வார்த்தைகளை மட்டும் நீதிமன்றம் வெட்டி எறிந்தது. பழைய ஓய்வூதியர்களுக்கும் புதிய கணக்குப்படி ஓய்வூதியம் வந்தது. குறித்த தேதிக்கு முந்தைய காலத்துக்கு நிலுவை கிடையாது.

நகாராவைக் காட்டினால் எந்தக் கட் ஆஃப் தேதியும் விழுந்துவிடும் என்று நம்பிப் போனவர்கள் நிறையப் பேர் தோற்றிருக்கிறார்கள். 1990-இல் கிருஷ்ண குமார் வழக்கில், வருங்கால வைப்பு நிதியைத் தேர்ந்தெடுத்து ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள் தங்களையும் ஓய்வூதியத்துக்கு மாற்றக் கேட்டார்கள். மொத்தத் தொகையை வாங்கிக் கணக்கு முடித்தவரும் மாதாமாதம் வாங்குபவரும் ஒரே வகை இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2022-இல் ராணுவத்தினரின் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் கணக்கு முறையும் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆக, முதலில் நிரூபிக்க வேண்டியது இருவரும் ஒரே வகை என்பதை. அங்கே வழுக்கினால் மிச்சம் எதுவும் நிற்காது. 2025 நிதிச் சட்டத்தின் மூலம், ஓய்வு பெற்ற தேதியை வைத்து மத்திய ஓய்வூதியர்களை வேறுபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசுக்கு வெளிப்படையாகக் கொடுத்திருப்பதையும் இன்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, யாரையும் வகை பிரிக்கவில்லை, ஆனால் முடிவே மனம்போன போக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது என்றால்? அதற்கான வாசலைத் திறந்தது தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. தலைமைச் செயலராக இருந்து வேறு பதவிகளுக்கு மாற்றப்பட்ட ராயப்பா தொடுத்தது. தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி, தன்னிச்சையாகச் செய்தாலே 14-ஆவது பிரிவு மீறப்படுகிறது என்று நீதிபதி பகவதி அதில் எழுதினார். ஆனால் ராயப்பா வழக்கில் தோற்றார். கெட்ட எண்ணத்தோடு மாற்றினார்கள் என்பதை அவரால் நிரூபிக்க முடியவில்லை.

அந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பது 1980-இல் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி வழக்கில் தெரிந்தது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நேர்காணலில். அந்த நேர்காணல் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நடந்ததாகவும், அப்பா யார், ஊர் எது என்பது போலத்தான் கேட்டார்கள் என்றும் மாணவர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே முறைதான், ஆனால் அந்த முறையில் தகுதியை அளக்கவே வழியில்லை. நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சை என்றது நீதிமன்றம். கல்லூரியை நடத்தியது ஒரு பதிவு பெற்ற சங்கம். பணமும் பிடியும் அரசுடையது என்பதால் அதுவும் அரசுதான் என்று அதே தீர்ப்பு சொன்னது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் கையில் வேண்டியது காரணம். அரசாணையின் நகலையும், கோட்டை ஏன் அங்கே போட்டார்கள் என்று காட்டும் கோப்புக் குறிப்புகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆணையில் இல்லாத புதுக் காரணத்தைப் பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து ஆணையைக் காப்பாற்ற முடியாது என்று 1977-இலேயே மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்புறம் துறைக்கு எழுத்தில் மனு கொடுங்கள். உங்களைப் போலவே இருந்தும் சலுகை பெற்றவர் யார், எந்த விதத்தில் நீங்கள் ஒரே வகை என்று அதில் தெளிவாக எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ காரணமில்லாமல் நிராகரித்தாலோ 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஆண்டுக்கணக்கில் தாமதித்தால் அதையே சொல்லித் தள்ளிவிடக்கூடும்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏரிப் புறம்போக்கில் விதியை மீறிப் பட்டா கொடுத்தார்கள், எனக்கும் கொடுங்கள் என்றால் 14-ஆவது பிரிவு உதவாது. ஒருவருக்குச் செய்த தவறை இன்னொருவருக்கும் செய்யச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடாது. அந்த மனுவால் நடக்கக்கூடியது, பக்கத்து வீட்டுக்காரரின் பட்டாவும் ரத்தாவதுதான்.