வாடகை வேன்தானே என்று விட்டுவிடாதீர்கள்

இந்த வருடம் மட்டும் இது நான்காவது கம்பெனி. மார்ச் கணக்கை முடிக்க உட்கார்ந்தால் “வேன் வாடகை” லெட்ஜரில் மாதாமாதம் வரிசையாகச் செலவு ஏறியிருக்கிறது, பேலன்ஸ் ஷீட்டில் அந்த வேனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: “சார், ஆர்சி புக் அவங்க பேர்ல இருக்கு, நமக்குச் சொந்தமில்லாததை எப்படி சொத்துல காட்டுறது?”

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். யாரும் வேனைச் சொத்தாகக் காட்டச் சொல்லவில்லை. மூன்று வருடம் அந்த வேனை உங்கள் இஷ்டத்துக்கு ஓட்டும் உரிமை இருக்கிறதே, அதைத்தான் காட்டச் சொல்கிறோம். அந்த உரிமை உங்களுடையதுதான். எந்த ரூட்டில் போக வேண்டும், என்ன சரக்கு ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள். வண்டியின் முதலாளி நினைத்தாலும் நடுவில் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. பதிலுக்கு மூன்று வருட வாடகையைக் கட்டியே தீர வேண்டும், அது கடன். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும், லீஸுக்கான கணக்கியல் தரநிலையான இன்ட் ஏஎஸ் 116 சொல்வது இதைத்தான். ஆர்சி புக்கில் யார் பெயர் என்ற கேள்வியே அங்கு எழாது. (இன்ட் ஏஎஸ் பொருந்தாத சிறு நிறுவனங்களுக்கு ஏஎஸ் 19 தான், அவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.)

போன வாரம் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். லிஸ்டட் கம்பெனி ஒன்றின் துணை நிறுவனம், பால் பொருட்கள் விநியோகம். மாதம் 43,000 ரூபாய், அதில் 18,000 டிரைவருக்கு. ஒப்பந்தக் காலம் 12 மாதம் என்று போட்டிருந்ததால் “குறுகிய கால லீஸ், விலக்கு உண்டு” என்று முடித்துவிட்டார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டவே இல்லை. அங்கே, விரும்பினால் இதே வாடகைக்கு இன்னும் 24 மாதம் தொடரும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. போதாததற்கு, வேனில் குளிர்பதனப் பெட்டி பொருத்த இவர்களே 2,60,000 ரூபாய் செலவழித்திருக்கிறார்கள். அவ்வளவு பணம் போட்டுவிட்டு ஒரு வருடத்தில் வேனைத் திருப்பிக் கொடுப்பார்களா? தொடர்வார்கள் என்பது நியாயமான உறுதியோடு தெரிகிறது, ஆகவே லீஸ் காலம் 36 மாதம். பெட்டிச் செலவு தனிச் சொத்து, அதை இதில் கலக்கக் கூடாது.

டிரைவர் சம்பளம் சேவைக்கான பணம், அதைப் பிரித்துச் செலவில் எழுதலாம். மிச்சம் 25,000. இவர்களுக்கு வங்கியில் இதே மாதிரிக் கடன் 12 சதவீதத்தில் கிடைக்கும், அதாவது மாதம் 1 சதவீதம். மாதக் கடைசியில் கட்டும் 36 தவணைகளின் இன்றைய மதிப்பு 7,52,688 ரூபாய். முதல் நாளே பயன்பாட்டு உரிமைச் சொத்தைப் பற்று வைத்து, லீஸ் கடனை அதே தொகைக்கு வரவு வைக்க வேண்டும்.

முதல் மாத வாடகை கட்டும்போது அந்த 25,000-ல் 7,527 வட்டி, மீதி 17,473 கடனில் கழியும். தேய்மானம் தனியாக மாதம் 20,908. ஆக முதல் வருடச் செலவு 3,29,293, இரண்டாவது வருடம் 3,01,188, மூன்றாவது வருடம் 2,69,519. கூட்டினால் சரியாக 9 லட்சம், அதாவது கட்டிய வாடகைதான், எங்கும் எதுவும் கூடவில்லை. ஆரம்பத்தில் மட்டும் செலவு அதிகம். இவர்கள் முதல் வருடத்துக்கு 3,00,000 மட்டும் எழுதியதால் லாபம் 29,293 கூடிக் காட்டியது. ஒரு வேனுக்கு இது சின்னத் தொகைதான், ஆனால் இவர்களிடம் இதே மாதிரி 14 வேன்! வருடக் கடைசியில் ஒரு வேனுக்கு 5,31,085 கடன் நிற்க வேண்டும், 14-க்கும் சேர்த்தால் 74 லட்சத்துக்கு மேல் பேலன்ஸ் ஷீட்டில் காணோம்.

கடனைப் பிரிக்கும்போதும் ஒரு தப்பு நடக்கிறது. அடுத்த 12 மாத வாடகை 3,00,000 என்று அப்படியே நடப்புக் கடனில் போடுகிறார்கள். அதில் வட்டி இருக்கிறது, இன்னும் சேராத வட்டி. கடனில் குறையப்போவது 2,49,708 மட்டுமே, அதுதான் நடப்பு. மீதி 2,81,377 நீண்ட காலக் கடன்.

அப்புறம், வேனைக் குறைந்த மதிப்புச் சொத்து என்று சொல்லி நழுவப் பார்க்காதீர்கள், அந்த விலக்கு லேப்டாப், நாற்காலி மாதிரிப் பொருட்களுக்குத்தான். ஜிஎஸ்டியை வாடகையோடு சேர்த்து இன்றைய மதிப்பு கணக்கிடவும் வேண்டாம், அது லீஸ் தொகையே அல்ல. ஒப்பந்தத்தில் வண்டி எண் இருக்கிறதா, முதலாளி தன் லாபத்துக்காக நினைத்த நேரம் வேறு வண்டி அனுப்ப உரிமை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், அப்படி உண்மையிலேயே மாற்ற முடியுமானால் அது லீஸே அல்ல. நீட்டிப்பு, டிரைவர், வண்டி மாற்றம் ஆகிய மூன்று விதிகளையும் அடிக்கோடிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நகலை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவிடுங்கள். மார்ச் 31 ராத்திரி பழைய ஃபைலில் தேட வைக்காதீர்கள்.