அவர் உங்கள் சீட்டுக்கு வரவில்லை, தண்ணீர் பிடிக்க வருகிறார்

போன மாசம் மறுபடியும் அதே கதை: "அந்தப் பொண்ணு தினமும் என் சீட்டுக்கு வந்து பேசுறாங்க, அப்போ விருப்பம்தானே?" இந்த வருஷத்தில் மட்டும் இது ஐந்தாவது என்பதால், இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல்தான் எழுதுகிறேன். நான் மனநல ஆலோசகர். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் சில ஐ.டி. அலுவலகங்களுக்கு வாரம் ஒருநாள் போய் உட்காருவேன், இரண்டு இடங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். கீழே வரும் தம்பியை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டேன், விஷயம் மட்டும் அப்படியேதான்.

தம்பிக்கு இருபத்து நான்கு வயது, டெஸ்டிங் டீம். பக்கத்து டீமில் இருக்கும் ஒரு பெண் தினமும் காலை பதினொரு மணிக்கோ சாயங்காலம் நான்கு மணிக்கோ தம்பியின் சீட்டில் நின்று பேசிவிட்டுப் போவார். தம்பி இதைப் போனில் குறித்து வைத்திருந்தார். ஐந்து வாரத்தில் முப்பத்தொரு தடவை. "சும்மாவா மேடம் ஒரு பொண்ணு முப்பத்தொரு தடவை வருவாங்க?" என்று கேட்டார்.

நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தளத்தைப் படமாகப் போடச் சொன்னேன். போட்டார். இந்த மூலையில் அந்தப் பெண்ணின் டீம், அந்த மூலையில் பேன்ட்ரி, நடுவில் ஒரே நடைபாதை. பேன்ட்ரி கதவுக்கு முந்தைய சீட் தம்பியுடையது. பதினொரு மணியும் நான்கு மணியும் டீ நேரம், அந்தப் பெண் வரும்போது கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். படத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "ஆனா நின்னு பேசுறாங்களே" என்றார்.

நிற்பார்கள் தம்பி. வழியில் தெரிந்த முகம் இருந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போனால்தான் நம் ஊரில் "என்ன, கண்டுக்காமப் போறாங்க" என்பார்கள். அலுவலகத்தில் யார் யாரோடு அதிகம் பேசுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் சீட்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் 1970களிலேயே இதை அளந்து காட்டினார். இருக்கைகளுக்கு நடுவில் தூரம் கூடக் கூட பேச்சு மளமளவென்று விழுகிறது, 50 மீட்டரைத் தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேன்ட்ரி, பிரிண்டர், ஏ.சி. நன்றாக வரும் மூலை, இவற்றின் பக்கத்தில் சீட் இருந்தால் நீங்கள் முசுடாகவே இருந்தாலும் நாலு பேர் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

ஆக எத்தனை தடவை வந்தார் என்ற கணக்கு எதற்கும் உதவாது. உதவுகிற கணக்கு வேறு ஒன்று இருக்கிறது, அதை ஒருவர்கூடப் போட்டுக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை: அவர் மற்றவர்கள் சீட்டில் எத்தனை தடவை நிற்கிறார், எவ்வளவு நேரம், எப்படி? தம்பிக்குத் தெரியவில்லை. தன் சீட்டை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசிக்கச் சொன்னதும் ஒவ்வொன்றாக வந்தது. போகிற வழியில் இன்னும் மூன்று சீட்டில் நிற்பார். டீமில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனால் காலியாக இருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவார். தம்பியிடம் நின்றபடியே, தடுப்பின் மேல் கை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம். பேச்சு என்ன? ரிலீஸ் எப்போது, இன்றைக்குக் கேன்டீன் சாம்பார் ஏன் இப்படி, ஹாஸ்டல் சாப்பாடு. தம்பி மூன்று நாள் லீவில் இருந்தபோது என்ன ஆனது என்று கேட்டேன். அந்த மூன்று நாளும் அடுத்த சீட்காரரிடம் நின்று அதே சாம்பாரைப் பற்றிப் பேசியிருக்கிறார். இதையும் தம்பியேதான் சொன்னார், சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு பொண்ணு தானா வந்து சிரிச்சுப் பேசினா ஏதோ இருக்கு." இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆண்கள் பள்ளி, அப்புறம் பையனும் பெண்ணும் பேசினால் வீட்டுக்குப் போன் போகும் கல்லூரி, பஸ்ஸில்கூட முன்பக்கம் பின்பக்கம் என்று பிரித்து உட்கார வைத்து வளர்த்த பிள்ளைகள். இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வரும்போதுதான், வீட்டுக்கு வெளியே ஒரு பெண் "சாப்டாச்சா?" என்று முதல்முறை கேட்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கையில் இல்லாததால் அது பெரிய சேதியாகத் தெரிகிறது. அதே பெண் செக்யூரிட்டி அண்ணனிடமும் தினமும் "சாப்டாச்சா" கேட்கிறார். அது தம்பியின் குறிப்பில் ஏறவில்லை. சிரிப்பது சிலருக்கு முக அமைப்பு, சிலருக்கு வளர்ப்பு, வாடிக்கையாளர் அழைப்புகளிலேயே நாளெல்லாம் இருப்பவர்களுக்கு அது வேலைப் பழக்கம். வேறு வேலை இல்லாதபோது சும்மா பேசுவதும் மனிதர்கள் செய்வதுதான், பெண்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

இது நம் ஊர் நோய் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். அன்டோனியா அபி என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரு ஆணும் பெண்ணும் ஐந்து நிமிஷம் சாதாரணமாகப் பேச, இன்னொரு ஆணும் பெண்ணும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள், பேசியவரும் சரி பார்த்தவரும் சரி, அந்தப் பெண்ணின் நடத்தையில் பெண்கள் பார்த்ததைவிட அதிக ஈர்ப்பைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்கூட. இது முக்கியம், ஏனென்றால் தம்பிக்கு இந்த எண்ணத்தை முதலில் ஏற்றியது அவருடைய சீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பயல்கள்தான். அந்தப் பெண் நகர்ந்ததும் "என்ன மச்சான், இன்னைக்கு ரெண்டு நிமிஷம் எக்ஸ்ட்ரா" என்று ஓட்டியிருக்கிறார்கள். ஒரு மாசம் தினமும் கேட்டால் யாருக்கும் அது உண்மையாகிவிடும். ஓட்டும் நண்பர்களே, குழு விசாரணையில் உங்களில் ஒருவர்கூட வந்து "நாங்கதான் சார் ஏத்திவிட்டோம்" என்று இதுவரை சொன்னதில்லை.

சரி, அப்போது நிஜமாகவே விருப்பம் இருந்தால் எப்படித் தெரியும்? நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன். வருவதற்கான காரணத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? சீட் வேறு தளத்துக்கு மாறிய பிறகும் படியேறி வருகிறாரா? உங்களிடம் வேலை இல்லாதபோது வேலையை உண்டாக்கிக்கொண்டு வருகிறாரா? பேச்சு அலுவலகத்தைத் தாண்டி, சனிக்கிழமை என்ன செய்வீர்கள், வீட்டில் யார் யார் என்று போய், நீங்கள் போன மாசம் போகிறபோக்கில் சொன்னது அவருக்கு நினைவில் நிற்கிறதா? மற்றவர்களிடம் ஒரு மாதிரியும் உங்களிடம் ஒரு மாதிரியும் இருக்கிறாரா? இதில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை, ஞாபகசக்தி நல்லது என்று அர்த்தம். இரண்டு மூன்று சேர்ந்து, உங்களிடம் மட்டும், சில வாரங்களாவது நீடித்தால் இருக்கலாம். அப்போதும் "இருக்கலாம்"தான். நாற்பது வயதில் ஒருவர், கூட வேலை செய்யும் பெண் தனக்கு மட்டும் தினமும் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவருகிறார் என்று என்னிடம் வந்தார். விசாரித்தால் அந்தப் பெண்ணுடைய அம்மா முறுக்கு வியாபாரம் ஆரம்பிக்கப்போகிறார், இவர் ஒருவர்தான் ருசியை ஒளிக்காமல் சொல்பவராம்.

கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. ஒரே ஒரு தடவை, மரியாதையாகக் கேளுங்கள். அவருடைய சீட்டில் போய் நின்று கேட்காதீர்கள், அவர் எழுந்து போக முடியாத இடம் அது. நாலு பேர் முன்னால் வேண்டாம், பரிசுப் பொருளோடு வேண்டாம். அவருக்கு அப்ரைசல் எழுதுகிற லீடாக நீங்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம், அவரால் சுதந்திரமாக "இல்லை" சொல்ல முடியாது. பதிலைக் கேட்கவும் தெரிய வேண்டும். "பார்க்கலாம்", "இந்த வாரம் கொஞ்சம் வேலை", "எல்லாரும் சேர்ந்து போலாமே" எல்லாமே நம் ஊரில் முகம் முறியாமல் சொல்லும் "வேண்டாம்". பேச்சுக்குப் பேச்சு திடீரென்று "அண்ணா" சேர்ந்துகொண்டால் அதுவும் அதேதான். விருப்பம் இருப்பவர், முடியாது என்று சொன்ன கையோடு "செவ்வாய்க்கிழமை ஓகேவா?" என்று இன்னொரு நாள் சொல்வார். சொல்லவில்லையா, விட்டுவிடுங்கள்.

யாராவது உங்கள் சீட்டுக்கு வந்து வந்து நிற்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், ஹெட்போனை மாட்டிக்கொண்டு புரிந்துகொள்வார் என்று காத்திருக்காதீர்கள், புரியாது. "எனக்கு வேலை இருக்கு, வேலை விஷயம்னா மட்டும் மெசேஜ் போடுங்க" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சொல்லப் பயமாக இருந்தால் சொல்லாமலே நேராகக் குழுவுக்கு வரலாம், ஏன் முதலில் சொல்லவில்லை என்று நான் யாரையும் கேட்டதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டம் பார்ப்பது, நடந்தது அந்தப் பெண் விரும்பாததா என்பதை. "நல்ல எண்ணத்தோடதான் செஞ்சேன்" என்பது பதில் ஆகாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு இருக்க வேண்டும். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெண்கள் புகார் எழுதித் தரலாம், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கும். சங்கடப்படுவது ஆணாக இருந்தால் இந்தச் சட்டம் வராது, ஆனால் எச்.ஆர். கொள்கையில் பெரும்பாலும் வழி இருக்கும், கேளுங்கள்.

தம்பி என்னிடம் வந்ததே தாமதமாகத்தான். அந்தப் பெண்ணின் பிறந்தநாளன்று அவர் வருவதற்கு முன்பே மேஜையில் ஒரு வாட்சை வைத்துவிட்டார், உள்ளே கடிதம் ஒன்று. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் அப்படி நினைக்கல" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை தம்பி பதினான்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார், எல்லாமே "அப்போ ஏன் தினமும் வந்து பேசினீங்க?" என்பதன் வேறு வேறு வடிவம். அந்தப் பெண் புகார் எழுதித் தரவில்லை, இதோடு நின்றால் போதும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர்தான் தம்பியை என்னிடம் அனுப்பினார்.

தம்பி இரண்டு மூன்று தடவை வந்து பேசினார், புரிந்துகொண்டார், இனி மெசேஜ் அனுப்பமாட்டார் என்று நம்புகிறேன். போன வியாழக்கிழமை நான் கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கையில் அதே பாட்டில். தண்ணீர் பிடிக்கக் கீழ்த்தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.