கன அளவு பூஜ்யம் என்று வந்த கணக்கு: வாஷர் முறையில் ஆரம் குறிப்பது எப்படி?

கல்லூரி முதலாண்டுத் தேர்வு ஒன்றில் ஒரு சுழற்சித் திடப்பொருளின் கன அளவைக் கேட்டிருந்தார்கள். தொகையீட்டைப் பொறுமையாகப் போட்டேன். கடைசி வரியில் பூஜ்யம் வந்தது. திரும்பப் போட்டேன், மறுபடியும் பூஜ்யம். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. தப்பு முதல் வரியிலேயே, ஆரத்தை எழுதிய இடத்தில் நடந்திருந்தது. ஒரு குறி இடம் மாறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஒரு குறியின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதற்கு ஒரே ஒரு பரப்பு போதும். மேலே y = √x என்ற வளைவு, கீழே y = x/2 என்ற நேர்க்கோடு. இரண்டும் (0, 0) புள்ளியிலும் (4, 2) புள்ளியிலும் சந்திக்கின்றன. நடுவில் சிக்கியிருப்பது மெல்லிய வாழையிலைத் துண்டு மாதிரி ஒரு பரப்பு. அதன் அளவு 4/3.

இதை x-அச்சைச் சுற்றிச் சுழற்றுவது எல்லாருக்கும் பழக்கமான கணக்கு. செங்குத்தாக ஒரு மெல்லிய கீற்றை வெட்டுகிறோம். அது அச்சைச் சுற்றி வரும்போது நடுவில் ஓட்டை உள்ள ஒரு வட்டத் தட்டு கிடைக்கும். போல்ட்டுக்கு அடியில் போடுகிற வாஷர் எப்படி இருக்குமோ அப்படி. வெளி ஆரம் √x, உள் ஆரம் x/2. வாஷரின் முகப்பரப்பு π(R² − r²). அதை 0 முதல் 4 வரை தொகையிட்டால் 8π/3 வருகிறது.

சிக்கலின் விதை இந்த எளிய கணக்கில்தான் இருக்கிறது. இங்கே ஆரம் என்று எழுதியது வளைவின் y மதிப்பை. உண்மையில் ஆரம் என்பது சுழல்கிற கோட்டிலிருந்து வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. x-அச்சைச் சுற்றும்போது அந்தத் தூரமும் y மதிப்பும் தற்செயலாக ஒன்றாக இருந்துவிடுகின்றன. பத்துக் கணக்கு இப்படிப் போட்டதும், வளைவின் சமன்பாடுதான் ஆரம் என்று கை பழகிவிடுகிறது. கோட்டை நகர்த்திய உடனே அந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

இப்போது அதே பரப்பை y = 3 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்றுவோம். கோடு பரப்புக்கு மேலே இருக்கிறது. முழுக் கணக்கையும் உடனே எழுதாமல், x = 1 என்ற இடத்தில் ஒரே ஒரு கீற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். அங்கே வளைவின் உயரம் 1, நேர்க்கோட்டின் உயரம் 0.5. ஆக, கீற்று 0.5 முதல் 1 வரை நிற்கிறது. y = 3 கோட்டில் நின்று கீழே பார்த்தால், கீற்றின் மேல்முனை 2 அலகு தூரத்திலும் கீழ்முனை 2.5 அலகு தூரத்திலும் இருக்கின்றன. எனவே உள் ஆரம் 2, வெளி ஆரம் 2.5.

மேலே இருக்கும் வளைவு இப்போது உள் ஆரத்துக்குப் போய்விட்டதைக் கவனியுங்கள். ‘மேலே இருப்பது வெளி ஆரம், கீழே இருப்பது உள் ஆரம்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வெளி ஆரத்தைத் தீர்மானிப்பது, சுழல்கிற கோட்டிலிருந்து எது அதிகத் தூரத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. கோடு பரப்புக்கு மேலே போய்விட்டால், தூரத்தில் இருப்பது கீழ் எல்லை.

இந்தக் கீற்றின் வாஷர் பரப்பு π(6.25 − 4), அதாவது 2.25π. சிலர் இரண்டு ஆரங்களையும் முதலில் கழித்துவிட்டு, வித்தியாசத்தை வர்க்கப்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் 0.25π கிடைக்கும். அது 0.5 ஆரமுள்ள ஓட்டையில்லாத ஒரு சின்ன வட்டத்தின் பரப்பு. நம் வாஷருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்தை வெட்டி எடுக்கிறோம், அதனால் வர்க்கப்படுத்திய பிறகுதான் கழிக்க வேண்டும்.

ஒரு கீற்று பிடிபட்டுவிட்டால் பொதுவான வடிவம் தானாக வரும். கோடு மேலே இருப்பதால் தூரம் = 3 − y. கீழ் எல்லைக்கு R = 3 − x/2, மேல் எல்லைக்கு r = 3 − √x. x = 1 போட்டால் 2.5, 2 என்று வருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு:

V = π ∫₀⁴ [(3 − x/2)² − (3 − √x)²] dx
= π ∫₀⁴ [6√x − 4x + x²/4] dx
= π [32 − 32 + 16/3] = 16π/3

ஆரங்களை இடம் மாற்றிப் போட்டிருந்தால் −16π/3 வந்திருக்கும். கழித்தல் குறியைப் பார்த்ததும் அதை அழித்துவிட்டு விடையை எழுதுகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் அது தப்பித்துக்கொள்ளும். வளைவுகள் நடுவில் ஒன்றையொன்று வெட்டி, ஒரு பகுதியில் மட்டும் வரிசை மாறியிருந்தால் அந்தத் தந்திரம் எடுபடாது. ஒரு பகுதி கூட, இன்னொரு பகுதி கழிய, குறியைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

அடுத்து y = −1. என்னைக் கவிழ்த்த கோடு இதுதான். கோடு இப்போது பரப்புக்குக் கீழே இருக்கிறது. தூரம் என்பது மேலே இருப்பதன் y-இலிருந்து கீழே இருப்பதன் y-ஐக் கழித்தால் வருவது. அதாவது y − (−1), அதாவது y + 1. எனவே R = √x + 1, r = x/2 + 1. x = 1-இல் இவை 2, 1.5. படத்தில் எண்ணிப் பார்த்தாலும் அதேதான் வரும்.

தேர்வில் நான் எழுதியது √x − 1, x/2 − 1. கோட்டின் சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி இருந்தது, கை அதை அப்படியே ஆரத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்படி எழுதினால் உண்மையில் y = 1 என்ற கோட்டைச் சுற்றிக் கணக்குப் போடுகிறோம். அந்தக் கோடு பரப்புக்குள்ளேயே புகுந்து போகிறது. தொகையீடு என்னவோ அமைதியாக விடை தருகிறது, பூஜ்யம். விடை பூஜ்யமாக வந்ததால்தான் சந்தேகமே வந்தது. வேறொரு பரப்பாக இருந்திருந்தால் ஏதோ ஒரு நேர் எண் வந்து, நான் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

சரியாகப் போட்டால் y = −1 கோட்டுக்கு V = π ∫₀⁴ [2√x − x²/4] dx = 16π/3. y = 3 கோட்டுக்கு வந்த அதே எண்! ஒரு கோடு மேலே, ஒரு கோடு கீழே. x = 1-இல் வெட்டிய வாஷரின் பரப்புகூட அங்கே 2.25π, இங்கே 1.75π. இருந்தும் மொத்தம் ஒன்றாக முடிகிறது.

காரணம் R² − r² = (R − r)(R + r) என்ற பழைய சூத்திரத்தில் இருக்கிறது. R − r என்பது கீற்றின் நீளம். R + r என்பது கோட்டிலிருந்து கீற்றின் நடுப்புள்ளிக்கு உள்ள தூரத்தைப் போல இருமடங்கு. ஆகவே ஒவ்வொரு வாஷரும் ‘கீற்றின் நீளம் × அதன் நடுப்புள்ளி சுற்றி வந்த வட்டத்தின் சுற்றளவு’. எல்லாக் கீற்றுகளையும் கூட்டினால், மொத்தப் பரப்பு × பரப்பின் மையம் சுற்றி வந்த தூரம் என்று முடிகிறது. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. நம் பரப்பின் மையம் (1.6, 1). y = 3, y = −1 இரண்டுமே அதிலிருந்து 2 அலகு தள்ளி நிற்கின்றன. 2π × 2 × 4/3 = 16π/3. வாஷர் போட்டு வந்த விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

செங்குத்துக் கோட்டுக்கு யோசனை அதேதான், கீற்றின் திசை மட்டும் மாறும். வாஷர் வேண்டுமென்றால் கீற்று சுழல்கிற கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். x = 5 என்ற கோட்டைச் சுற்றினால் கீற்று கிடையாகப் படுத்திருக்கும், தொகையீடு dy-இல் போகும். எனவே வளைவுகளை x = y², x = 2y என்று திருப்பி எழுத வேண்டும். எல்லைகளும் மாறும், 0 முதல் 4 அல்ல, y-க்கு 0 முதல் 2. y = 1-இல் கீற்று x = 1 முதல் 2 வரை படுத்திருக்கிறது. கோடு வலப்பக்கம் இருப்பதால் தூரத்தில் இருப்பது இடது எல்லை. R = 5 − y², r = 5 − 2y, y = 1-இல் 4, 3. தொகையிட்டால் 136π/15. மையத்திலிருந்து தூரம் 3.4, 2π × 3.4 × 4/3 போட்டாலும் அதுவே வருகிறது.

கடைசியாக அந்த y = 1 கோட்டுக்கு வருவோம். யாராவது வேண்டுமென்றே அதைச் சுற்றிச் சுழற்றச் சொன்னால்? கோடு பரப்பை வெட்டுவதால் ஒரே சூத்திரம் முழுக்கச் செல்லாது. 0 முதல் 1 வரை பரப்பு முழுவதும் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, R = 1 − x/2, r = 1 − √x. 2 முதல் 4 வரை முழுவதும் மேலே இருப்பதால் ஆரங்கள் இடம் மாறும். நடுவில் 1 முதல் 2 வரை கீற்று கோட்டைத் தாண்டி இருபுறமும் நிற்கிறது. அங்கே ஓட்டையே விழாது, முழுத் தட்டுதான். அதன் ஆரம் √x − 1, 1 − x/2 ஆகிய இரண்டில் எது பெரியதோ அது. x ≈ 1.53 வரை நேர்க்கோட்டின் பக்கம் பெரியது, அதற்குப் பிறகு வளைவின் பக்கம். நான்கு துண்டுகளையும் கூட்டினால் ஏறத்தாழ 0.98π, அதாவது 3.08. தேர்வில் கேட்ட y = −1 பொருளுக்குப் பதிலாக, என் குறிப்பிழை பூஜ்யம் என்று காட்டிய y = 1 பொருளின் உண்மையான கன அளவு அது.