கட்-ஆஃப் கிரேடு: தமிழில் வரம்புத் தரம்

கேஜிஎஃப் எனும் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலேறும் தமிழர்களிடையே தங்கம் விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: "நம்ம மைன்ஸை மறுபடி திறப்பாங்களா?" அதற்கான பதில் 'கட்-ஆஃப் கிரேடு' என்ற சொல்லில் இருக்கிறது.

கட்-ஆஃப் மார்க் நமக்குப் பழகிய சொல்தான். அந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பவருக்கு இடமில்லை. பாறைக்கும் அப்படியே. ஒரு டன்னில் இத்தனை கிராம் தங்கமாவது இருந்தால் அது தாது, இல்லாவிட்டால் வெறும் கல். 'கிரேடு' என்பது படியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதை 'மாற்று' என்று சொல்லக் கூடாது. மாற்று என்பது தங்கத்தின் தூய்மை. இங்கே பேசுவது கல்லில் தங்கம் எவ்வளவு என்பதை. சிலர் 'வெட்டுத் தரம்' என்று எழுதுகிறார்கள். சுரங்கத்தில் வெட்டுவது என்றாலே தோண்டுவதுதான் என்பதால், அது தோண்டியெடுத்த கல்லின் தரம் என்று பொருள் மாறிவிடும். 'வரம்புத் தரம்' என்பதே பொருந்தும்.

கணக்கு இது:

வரம்புத் தரம் = ஒரு டன்னுக்கான செலவு ÷ (கிராம் விலை × மீட்பு விகிதம்)

ஓர் எடுத்துக்காட்டு. தோண்டி, மேலே ஏற்றி, அரைத்து, சயனைடில் கரைக்க டன்னுக்கு 9,000 ரூபாய் ஆகிறது. மீட்பு விகிதம் 90 சதவீதம், அதாவது கல்லிலுள்ள தங்கத்தில் அவ்வளவு கைக்கு வருகிறது என்று கொள்வோம். கிராம் 5,000 ரூபாய் என்றால் வரம்பு 2 கிராம். 10,000 ஆனால் 1 கிராம். டன்னுக்கு 1.4 கிராம் உள்ள கல்லில் 1.26 கிராம் கிடைக்கும். பழைய விலையில் அது 6,300 ரூபாய், நஷ்டம். புதிய விலையில் 12,600. கல் அதேதான், ஆனால் இப்போது தாதுவாகிவிட்டது. ராயல்டியும் சுத்திகரிப்புக் கூலியும் போகக் கையில் நிற்கும் விலையைத்தான் கணக்கில் போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கூலியும் டீசலும் சேர்ந்து ஏறினால் வரம்பு இவ்வளவு இறங்காது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆலை ஒரு நாளில் அரைக்கும் டன் மாறாது. வரம்பைக் குறைத்து ஏழைக் கல்லை உள்ளே விட்டால் நல்ல கல் வெளியே காத்திருக்கும். விலை ஏறிய ஆண்டிலேயே தங்க உற்பத்தி குறையலாம். அதனால் ஏழைக் கல்லைத் தனிக் குவியலாக ஒதுக்கிவைப்பார்கள்.

இனி கேஜிஎஃப். 2001 பிப்ரவரி 28 அன்று மூடிய சுரங்கம், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழம். உள்ளே நிற்கும் தண்ணீரை இறைப்பது, காற்றோட்டம் தருவது, கல்லை ஏற்றுவது எல்லாம் டன் செலவில் சேரும். வரம்பு மேலேயே நிற்கும். சயனைடில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், சயனைடு மேடுகளாக ஊருக்குள் நிற்கிறது. அவற்றின் கணக்கு வேறு. தோண்டிய செலவும் அரைத்த செலவும் அன்றே முடிந்துவிட்டன. எளிதில் வரும் தங்கத்தை முன்பே எடுத்துவிட்டதால் மீட்பு விகிதம் குறையும். அதைப் பாதி என்றும், செலவு டன்னுக்கு 2,500 ரூபாய் என்றும் வைத்தால், 5,000 ரூபாய் விலையில் வரம்பு 1 கிராம், 10,000 ரூபாயில் அரை கிராம். மேட்டு மண்ணில் இருப்பது டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஆகவே விலை ஏறும்போது முதலில் தாதுவாவது அந்த மேடுகள்தான், ஆழத்துப் பாறை அல்ல.