குதிரையும் கிரீடமும் தெரிகிறது, அழகரைக் காணோம்

"தம்பி, குதிரை தனியா நிக்குது, கிரீடம் தனியா நிக்குது. நடுவுல சாமி எங்கப்பா?"

சிம்மக்கல் பக்கம் இருக்கும் எங்கள் டிசைன் கடையில், சித்திரைத் திருவிழா ஃபிளெக்ஸுக்கான மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டகப்படி நடத்தும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. படத்தில் தங்கக் குதிரை இருந்தது. அதன்மேல் பச்சைப் பட்டு உடுத்திய கள்ளழகர். பின்னால் விடிகாலை வானம், நல்ல குங்குமச் சிவப்பு. வரைந்த பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அய்யா, இதோ இருக்காரே" என்று விரலை வைத்துக் காட்டினான். பெரியவர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "சொன்னா தெரியுது" என்றார்.

பேசிப் பார்த்தேன். சந்தையில் தக்காளி பழுத்ததா காயா என்று அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாராம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிவப்பு, பச்சை பிரித்தறியும் குறைபாடு. மற்றபடி மஞ்சள், நீலம் எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்த ஒரு சீசனில் இது எனக்கு மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது. ஐரோப்பிய ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்பார்கள். நம் பக்கம் அதைவிடக் குறைவு. திருவிழாக் கூட்டத்தில் அது எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போட்டோவில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக வராது. பட்டில் மடிப்பு இருக்கும், நிழல் விழும், ஓரத்தில் வெளிச்சம் பட்டு மின்னும். நிறம் தெரியாவிட்டாலும் கண் அதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். நாம் இப்போது விரும்பி வரையும் தட்டைப் பாணிப் படங்களில் நிழலை எடுத்துவிடுகிறோம், மடிப்பை எடுத்துவிடுகிறோம். ஒரே பச்சை, அதை ஒட்டி ஒரே சிவப்பு. உருவத்தின் விளிம்பைக் காட்ட நிறத்தைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. அந்த நிறமும் பிரியாதவருக்கு உருவமே இல்லை.

சரி, இதைச் சொன்னதும் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? பச்சையை இன்னும் பளிச்சென்று ஆக்கினான், சிவப்பையும் பளிச்சென்று ஆக்கினான். எனக்கு வருகிற எரிச்சலெல்லாம் இந்த இடத்தில்தான். நம் கடைகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். சாச்சுரேஷனைக் கூட்டினால் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே உள்ள நிற வித்தியாசம் கூடும். அவருக்குத் தெரியாததே அந்த நிற வித்தியாசம்தான்! அதை எவ்வளவு கூட்டினாலும் அவர் கண்ணுக்கு இரண்டும் கடுகுப் பழுப்பு போன்ற ஒன்றாகத்தான் நிற்கும். உப்பு போதாத குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றுகிற மாதிரி. கூட்ட வேண்டியது வெளிச்ச வித்தியாசத்தை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் இருக்க வேண்டும்.

பையன் போட்டிருந்த சிவப்பு `#D32F2F`, பச்சை `#388E3C`. கான்ட்ராஸ்ட் கணக்கில் 1 என்றால் வித்தியாசமே இல்லை, 21 என்றால் வெள்ளைமேல் கறுப்பு. இந்த இரண்டுக்கும் வந்தது 1.2. படத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான வடிவங்களுக்குக் குறைந்தது 3 வேண்டும் என்று வலைப்பக்கங்களுக்கான அணுகல் நெறிகளில் 2018-இல் விதி சேர்த்தார்கள். அச்சுக்கும் நான் அதையே அளவாக வைத்திருக்கிறேன்.

"நான் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேனே சார், வித்தியாசம் தெரிந்ததே" என்றான். ஃபோட்டோஷாப்பில் `Shift+Ctrl+U` அழுத்தியிருக்கிறான். அந்த `Desaturate` கண் உணரும் வெளிச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அவன் சிவப்பை 129 என்றும் பச்சையை 99 என்றும் சாம்பலாக்கி, இல்லாத வித்தியாசத்தைக் காட்டிவிட்டது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஒரு நகல் எடுத்து `Image > Mode > Grayscale` போட்டுப் பாருங்கள். அப்புறம் `View > Proof Setup` உள்ளே `Color Blindness` என்று இரண்டு வகை இருக்கும், இரண்டையும் பாருங்கள். அது காட்டுவது கடுமையான நிலை. அதில் தெரிந்தால் லேசான குறைபாடு உள்ளவருக்கும் தெரியும்.

இனி அழகருக்கு வருவோம். பட்டின் நிறத்தை மாற்றிவிடு என்று யாரும் சொல்ல முடியாது. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் நாடு செழிக்கும் என்று மதுரையே காத்துக் கிடக்கிறது. ஆகவே பச்சை பச்சையாகவே இருக்க வேண்டும்.

முதலில் பட்டை இளம்பச்சையாக்கி (`#A5D6A7`), வானத்தை அரக்குச் சிவப்பாக (`#6D1B1B`) இருட்டடித்தோம். கான்ட்ராஸ்ட் 7. பையனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பட்டு வானத்தை மட்டுமா தொடுகிறது? கீழே குதிரையையும் தொடுகிறது. குதிரையின் தங்க நிறம் `#F2C14E`. அதற்கும் புது இளம்பச்சைக்கும் கணக்குப் போட்டால் 1.02! வானத்திலிருந்து மீட்ட அழகரைக் குதிரைக்குள் தொலைத்துவிட்டோம். போதாததற்குப் பட்டும் பல முறை வெளுத்த வேட்டி மாதிரி ஆகிவிட்டது. எப்போதும் உருவத்தைச் சுற்றி வந்து, அது தொடுகிற ஒவ்வொரு நிறத்தோடும் சோதிக்க வேண்டும்.

கடைசியில் மாற்றியது வானத்தை. விடிவதற்கு முந்தைய கருநீலம், `#14213D`. பட்டை முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் அழுத்தமான பச்சையாக்கினோம், `#2E7D32`. வானத்தோடு 3.1, குதிரையோடு 3.06. இரண்டுக்கும் நடுவே பட்டு சரியாக உட்கார்ந்துவிட்டது. நீலம் அந்தப் பெரியவருக்குப் பிரச்சினையில்லாத நிறம் என்பதால் கணக்குக்கு மேலேயும் உதவி கிடைத்தது. பட்டின் ஓரமாகச் சந்தன நிறத்தில் ஒரு சரிகைக் கரையும் ஓடவிட்டோம், அலங்காரத்துக்கு அலங்காரம், விளிம்புக்கு விளிம்பு.

சிவப்புதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால் ஒன்று நினைவில் வையுங்கள். சிவப்பை எப்போதும் இருட்டுப் பக்கமே வையுங்கள். ஒரு வகைக் குறைபாட்டில் சிவப்பே மங்கிக் கறுப்பை நெருங்கிவிடும். கறுப்புமேல் சிவப்பு எழுத்துக்குக் கணக்கு நல்ல எண்ணைக் காட்டும், அவர்களுக்கோ எழுத்தே இருக்காது. எண்ணெல்லாம் திரைக்கான கணக்கு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஃபிளெக்ஸில் கரும்பச்சையும் கருநீலமும் இன்னும் இருண்டு இறங்கும். ஓர் அடித் துண்டு அடித்து, சாயங்கால வெளிச்சத்தில் தெருவில் வைத்துப் பாருங்கள்.

மறுநாள் பெரியவர் வந்து புது மாதிரியைப் பார்த்தார். சரிகைக் கரையோடு விரலை ஓட்டிக்கொண்டே போனவர் மார்புப் பக்கம் நிறுத்தி, "மாலை போடலையா?" என்றார். போட்டிருந்தோம், சிவப்பு ரோஜா மாலை, பச்சைப் பட்டுக்கு மேலே. பையன் என்னைப் பார்த்தான். பிறகு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து, ரோஜாவுக்கு இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம் வரைய ஆரம்பித்தான்.