சீம்ஸ் பேசுவது மழலை அல்ல

நாய் மீம்களைத் தமிழாக்குகிறவர்களில் பலர், சீம்ஸ் என்ற நாயின் பேச்சுக்கு 'மழலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளக்கம் எழுதினால் 'மழலை மொழியில் பேசும் நாய்', வசனம் எழுதினால் 'எனக்கு பயமா இருக்கு' என்பதற்குப் பதில் 'எனக்கு பதமா இதுக்கு'. இரண்டும் தவறு. மழலை என்ற சொல்லும் இங்கே கெடுகிறது, சீம்ஸின் குணமும் கெடுகிறது.

முதலில் பெயர்க்கதை. சீம்ஸாக நாம் பார்க்கும் நாய், ஹாங்காங்கில் வாழ்ந்த பால்ட்ஸ் என்ற ஷிபா இனு. அது சற்றே குனிந்து உட்கார்ந்திருக்கும் படம் 2017-இல் இன்ஸ்டாகிராமில் வந்தது. 2019-இல் ரெடிட்காரர்கள் அதை சீஸ்பர்கர் பிரியனாக்கி, அந்தச் சொல்லை 'சீம்ஸ்பர்கர்' என்று எழுதவைத்தார்கள். அதன் முதல் பாதியே நாய்க்குப் பெயரானது. அந்த நாய் 2023 ஆகஸ்டில் இறந்தது. இதற்கு மூத்தவன் டோஜ். அவன் ஜப்பானைச் சேர்ந்த கபோசு என்ற ஷிபா இனு. 2010-இல் எடுத்த படம் 2013-இல் உலகம் சுற்றியது. கபோசு 2024 மே மாதம் இறந்தது. டோஜின் தலையைத் தசை முறுக்கிய உடம்பில் பொருத்தி இடப்பக்கமும், ஒடுங்கி உட்கார்ந்த சீம்ஸை வலப்பக்கமும் வைத்து 'அன்று, இன்று' என்று ஒப்பிடும் படம் 2020-இல் பரவியது. வீம்பு பேசுகிறவன் ஒருவன், நடுங்கிப் பேசுகிறவன் ஒருவன் என்ற பங்கீடு அந்தப் படத்தில்தான் உறுதிப்பட்டது.

இப்போது மழலைக்கு வருவோம். மழலை என்பது வாய் இன்னும் பழகாத குழந்தையின் பேச்சு. அதில் கடினமான ஒலிகள் விழுந்துவிடும், அல்லது எளிய ஒலியாக மாறிவிடும். ரகரம் யகரமோ லகரமோ ஆகும், சகரம் தகரமாகும், சொல் சுருங்கும். குழந்தை எழுத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. சீம்ஸ் செய்வது இதற்கு நேர்மாறு. இருக்கிற எழுத்துகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, நடுவில் ஒரு 'எம்'மைச் செருகுகிறது. சீஸ் என்பது சீம்ஸ் ஆகிறது, பர்கர் என்பது பம்ர்கர் ஆகிறது. சொல் நீள்கிறது. சொல்லப்போனால் பம்ர்கர் என்று உச்சரிப்பது பர்கர் என்று சொல்வதைவிடக் கடினம். வாய் பழகாத குழந்தை கடினமான வழியை எதற்குத் தேர்ந்தெடுக்கும்?

இன்னொன்று, மழலை காதுக்கு உரியது. மழலைச் சொல் 'கேளாதவர்' என்றுதான் குறளும் சொல்கிறது. சீம்ஸின் பேச்சு கண்ணுக்கு உரியது. அதை யாரும் கேட்டுப் பழகவில்லை, எழுத்துக்கூட்டலில்தான் அது உயிரோடு இருக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. மழலையைக் கேட்டால் யாருக்கும் குழந்தையைத் தூக்கத் தோன்றும். சீம்ஸ் குழந்தை அல்ல. தன் தவறு தெரிந்து, தண்டனை வருமோ என்று பயந்து, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கிற வளர்ந்த நாய். அதன் வாயில் மழலையை வைத்தால் பயம் போய்விடும், செல்லம் மட்டும் மிஞ்சும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. இணையத்தில் நாய்களைப் பற்றி 'டாக்கோ', 'பப்பர்', 'போர்க்' என்று செல்லமாக எழுதும் வேறொரு வழக்கு உண்டு. அது நாயைப் பார்த்து மனிதர் கொஞ்சுவது. அதற்குத் தமிழில் கொஞ்சுமொழி என்ற சொல் அழகாகப் பொருந்தும். குழந்தை பேசுவது மழலை, குழந்தையிடம் பெரியவர் பேசுவது கொஞ்சல். தமிழில் ஏற்கெனவே இரண்டு தனிச்சொற்கள் இருக்கும்போது, சீம்ஸின் பேச்சையும் சேர்த்து மூன்றையும் ஒரே சொல்லில் அடைப்பது சோம்பல். 'கொச்சை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கொச்சை என்பது மனிதர்கள் உண்மையில் பேசும் திரிந்த வழக்கு, பம்ர்கர் என்று எந்த ஊரிலும் பேசுவதில்லை. 'திக்குவாய் நாய்' என்பது அதைவிட மோசம். திக்கும்போது ஒலி திரும்பத் திரும்ப வரும் அல்லது தடைப்பட்டு நிற்கும், எங்கிருந்தோ ஒரு மகரம் முளைக்காது. அதோடு, திக்கிப் பேசுகிறவர்களை இதற்குள் இழுப்பது முறையும் அல்ல.

சரியான பெயரைத் தேடும்போது நம் இலக்கணத்திலேயே நெருங்கிய ஒன்று கிடைக்கிறது. செய்யுள் விகாரங்களில் 'விரித்தல்' என்று ஒன்று உண்டு. 'விளையுமே' என்பது 'விளையும்மே' என்று வருவது அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அங்கே கூடுவதும் மகர மெய்தான்! அதனால் சீம்ஸ் செய்வதை 'மகர விரித்தல்' என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் அதிலும் ஒரு தடை இருக்கிறது. விரித்தல் ஓசைக்காகச் செய்வது, எந்த மெய்யின் பின் எந்த மெய் வரலாம் என்ற மெய்ம்மயக்க விதியை அது மீறாது. மகரத்தின் பின் மகரம் வரலாம், ஆகவே 'விளையும்மே' நாவில் சறுக்கிக்கொண்டு போகும். சீம்ஸின் மகரம் வரக்கூடாத இடத்தில் வந்து உட்காருகிறது, அந்த முட்டல்தான் அதன் உயிர். ஆகவே 'மகரச்செருகல்' என்பதே பொருந்தும். பழைய நூலுக்குள் பிற்காலத்தார் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்கிறோம். உரிமையில்லாமல் உள்ளே புகுந்தது என்ற அந்தப் பொருள் இந்த 'எம்'முக்கும் கச்சிதம்.

இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டால் தமிழில் சீம்ஸ் வசனம் எழுதும் வழியும் தெளிவாகிறது. தமிழ்ச் சொல்லுக்குள் மகர மெய்யின் பின்னால் வரக்கூடியவை ப, ம, ய, வ. ஆகவே பகரத்துக்கு முன்னால் செருகினால் எதுவும் உடையாது, வேறு சொல் பிறந்துவிடும். பாபு பாம்பாவார், கபம் கம்பமாகும். படிப்பவர் பிழை என்று நினைக்கமாட்டார், பொருள் புரியாமல் நிற்பார். சகரத்துக்கு முன்னாலும் பயன் குறைவு. வம்சம், அம்சம், சம்சாரம் என்று வடசொற்கள் வழியே கண் அதற்குப் பழகிவிட்டது. ட, ர, ல, ன ஆகியவற்றுக்கு முன்னால் செருகுங்கள். 'வலிக்குது' என்பது 'வம்லிக்குது' ஆகும்போது கண் தடுக்கும், ஆனால் சொல் தெரியும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் சீம்ஸ்.

இடமும் முக்கியம். முதல் அசையில் செருக வேண்டும், சொல்லின் கடைசியில் கூடவே கூடாது. ஆங்கிலத்தில் 'எம்' என்ற எழுத்துக்கு இலக்கண வேலை எதுவும் இல்லை, எங்கே வைத்தாலும் வெறும் பிழைதான். தமிழில் ஈற்று மகரம் வேலை செய்கிற எழுத்து. 'நானு' என்பதன் கடைசியில் வைத்தால் 'நானும்' என்று இன்னொருவரைச் சேர்த்துவிடும், 'உடைஞ்சிடு' என்பதில் வைத்தால் 'உடைஞ்சிடும்' என்று எதிர்காலமாகிவிடும். இதைக் கவனிக்காமல் எழுதிய வசனங்களில் சீம்ஸ் பயப்படுவதில்லை, சோதிடம் சொல்கிறது.

ஒரு படத்தை முழுக்க எழுதிப் பார்ப்போம். பொருள், அன்றைய கைபேசியும் இன்றைய கைபேசியும். இடப்பக்கத்து டோஜ்: 'மாடியிலிருந்து விழுந்தேன். தரையில்தான் விரிசல்.' வலப்பக்கத்துச் சீம்ஸ், இன்னும் உடைக்காத வடிவில்: 'லேசாதான் கீழ வச்சீங்க, திரை உடைஞ்சிடுச்சு, மன்னிச்சிடுங்க.'

மழலைக்காரர் இதை 'லேதாதான் கீழ வத்தீங்க, திலை உதைஞ்சிதுத்து, மன்னித்திதுங்க' என்று எழுதுவார். ஏறக்குறைய எல்லாச் சொல்லும் மாறிவிட்டது, படிப்பவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது, சிரிப்பு அதற்குள் ஆறிவிடும். 'உதைஞ்சி' என்பதைப் பார்த்து யார் யாரை உதைத்தார்கள் என்ற சந்தேகம் வேறு. மகரச்செருகலில் எழுதினால்: 'லேசாதான் கீழ வச்சீங்க, திம்ரை உடைஞ்சிடுச்சு, மம்னிச்சிடுங்க.' இரண்டே இடம். எது உடைந்ததோ அந்தச் சொல்லில் ஒன்று, கெஞ்சுகிற சொல்லில் ஒன்று. 'திரை'யில் மகரம் கூடியது. 'மன்னி'யில் முதல் னகரம் மகரமாக மாறியது. ஆங்கிலச் சீம்ஸிலும் 'என்' வருமிடத்தில் 'எம்' ஏறுவது வழக்கம், ஆகவே இதுவும் முறைதான். ஒரு வரிக்கு இரண்டு செருகல் போதும். மூன்றாவது வந்தால் பயந்த குரல் மறைந்து எழுத்துப்பிழை மட்டும் தெரியும்.

டோஜின் பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஒரு பிழையும் இல்லை. வாக்கியம் குட்டையாக, முற்றுப்புள்ளியோடு, தன்னைப் பற்றிய பெருமையாக நிற்கிறது. இன்னொரு மொழிபெயர்ப்புக் கோளாறு இங்கேதான் நடக்கிறது. டோஜும் நாய்தானே என்று அவனுக்கும் உடைந்த மொழியைக் கொடுத்துவிடுகிறார்கள். 2013-இன் டோஜ் உடைந்த மொழி பேசியவன்தான். ஆனால் அந்த உடைப்பு வேறு. அவன் எழுத்தைக் கெடுக்கவில்லை, இலக்கணத்தைக் கெடுத்தான். பெயரோடு சேராத அடையைச் சேர்த்து, வினையே இல்லாமல், காமிக் சான்ஸ் எழுத்தில் பல நிறங்களில் துண்டு துண்டாக வியந்தான். 'மிக நாற்காலி', 'எத்தனை தூக்கம்', 'வாவ்' என்பது போல. தசை முறுக்கிய டோஜ் அதை விட்டுவிட்டான். வீம்புக்கு முழு வாக்கியம் வேண்டும். இருவருக்கும் ஒரே உடைந்த மொழியைக் கொடுத்தால் படத்தில் இரண்டு நாய்கள் இருக்கும், இரண்டு குரல்கள் இருக்காது.

மீம்தானே, இதற்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் அகப்படுகிற அழகான சொல்லை எடுத்து ஒட்டுவது மீமோடு நிற்கவில்லை. படங்களின் வசன வரிகளில், பயத்தில் குளறும் ஆளும் போதையில் குழறும் ஆளும் செல்லம் கொஞ்சும் ஆளும் ஒரே தகரத்தைப் போட்டுப் பேசுகிறார்கள். குளறுதல், குழறுதல், கொஞ்சுதல், பிதற்றுதல், உளறுதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிற மொழியில் இப்படி நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக, பெயரை எழுதும் முறை. 'சீம்' என்று ஒருமை, 'சீம்கள்' என்று பன்மை எழுதுகிறார்கள். கடைசியில் இருக்கும் ஸ் ஆங்கிலப் பன்மை விகுதி அல்ல, சீஸ் என்ற சொல்லின் சொந்த எழுத்து. அதை எடுத்துவிட்டால் பாலாடைக்கட்டியே போய்விடும். ஒன்று என்றாலும் சீம்ஸ், பல என்றால் சீம்ஸ்கள்.