ஏற்றுமுன் பரிசோதனை: ஒரு சொல்லும் அதன் மூன்று வால்களும்

யாழ்ப்பாணத்தில் இறக்குமதிக் கடைகளுக்குக் கடிதம், ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் ‘பி.எஸ்.ஐ.’ என்ற மூன்றெழுத்து வாரத்தில் இரண்டு தடவையாவது என் மேசைக்கு வரும். இதைப் பி.எச்.ஐ. என்று காதில் வாங்கிக்கொண்டு, “சுகாதாரப் பரிசோதகருக்கும் சீனத் தொழிற்சாலைக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டவர்களும் உண்டு. விரித்தால் பிரீ-ஷிப்மென்ட் இன்ஸ்பெக்‌ஷன். சரக்கு தொழிற்சாலையை விட்டு வெளிக்கிடுவதற்கு முன்னம், வாங்குபவரும் விற்பவரும் அல்லாத ஒருவர் அங்கே போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பது.

முதலில் சொல்லை உடைப்போம். ‘இன்ஸ்பெக்‌ஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. அந்த மூலச்சொல்லுக்கு உள்ளே பார்த்தல் என்பதுதான் பொருள். நாம் அதற்கு ஈடாக வைத்திருக்கும் ‘பரிசோதனை’ வடமொழி வழி வந்தது. ‘பரி’ என்றால் முழுதும். ‘சோதனை’யின் வேர்ப்பொருள் சுத்தம் செய்தல், குற்றம் நீக்கல். ஆக, ஐரோப்பியச் சொல் பார்ப்பதோடு நிற்கிறது. நம் சொல் பழுதை நீக்கித் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. நடைமுறையில் நடப்பது முதலாவதுதான். பரிசோதகர் எதையும் திருத்த மாட்டார், சரக்கை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அவருக்கில்லை. கண்டதை எழுதி, படம் எடுத்து அனுப்புவார். நிறுத்துவது வாங்குபவரின் வேலை.

பார்த்தல் என்ற பொருளில் தமிழிலேயே ஒரு நல்ல சொல் இருந்தது: நோட்டம். நாணயம் நல்லதா, கள்ளமா என்று பார்த்துச் சொல்பவருக்கு நோட்டக்காரர் என்று பெயர். கொடுப்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் ஆள் பார்த்துச் சொல்வது என்ற வகையில் இது பி.எஸ்.ஐ.க்கு மிக நெருங்கிய சொல். ஆனால் இன்றைக்கு ‘நோட்டம் விடுதல்’ என்றால் களவெடுக்க வந்தவனின் ஞாபகம்தான் வருகிறது. எனவே பரிசோதனையே இருக்கட்டும். தமிழ்நாட்டில் ஆய்வு, ஆய்வாளர் என்பார்கள். இங்கே பொலிஸ் முதல் சுகாதாரம் வரை பரிசோதகர்தான்.

‘ஷிப்மென்ட்’டைக் கப்பலேற்றம் என்று எழுதுபவர்கள் உண்டு. பிழையில்லை. ஆனால் விமானத்தில் அனுப்பினாலும் அதே சொல்லைத்தான் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். ‘ஏற்று’ என்று விட்டால் எந்த வாகனத்துக்கும் பொருந்தும். நான் எழுதுவது ‘ஏற்றுமுன் பரிசோதனை’.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. உலக வர்த்தக அமைப்போடு 1995 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்களில் ஒன்றின் பெயரே இதுதான். அங்கே இது இறக்குமதி செய்யும் நாட்டின் அரசாங்கம் ஒரு கொம்பனியை அமர்த்தி, சரக்கின் தரத்தோடு விலை, அளவு, சுங்க வகைப்படுத்தல் எல்லாவற்றையும் ஏற்றும் நாட்டிலேயே சரிபார்க்க வைப்பது. கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர் கேட்பது அதுவல்ல. அவருக்கு வேண்டியது, தான் காசு கொடுத்த சரக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பது மட்டும். இரண்டையும் குழப்பினால் செலவு யாருடையது என்ற இடத்தில் தடுக்கி விழுவோம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் செலவைப் பிரிக்கும் சர்வதேச வணிக விதிகளான இன்கோடேர்ம்ஸின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரும்பாலான விற்பனை முறைகளில் கட்டாயப் பரிசோதனையின் செலவு வாங்குபவருடையது, ஏற்றுமதி நாட்டு அதிகாரிகள் கட்டாயப்படுத்தினால் மட்டும் அப்படியல்ல என்று வகுத்திருந்தது. அது கட்டாயப் பரிசோதனைக்கான விதி. நாமாக ஏற்பாடு செய்வதற்கு ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி நடந்த கதை. தெரிந்த கடை அண்ணை ஒருவர் குவாங்டொங் மாகாணத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து 1,500 ரைஸ் குக்கர் எடுத்தார். பெட்டிக்கு நான்காக 375 பெட்டி. 30 சதவீதம் முற்பணம், மிச்சம் சரக்கு ஏற்ற முன். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘மூன்றாந்தரப்புப் பரிசோதனை செய்யப்படும், கட்டணம் வாங்குபவருடையது.’ நான் இழுத்தபோது அவர் சொன்னார்: “தம்பி, பரிசோதனை எண்டு போட்டாச்சுத்தானே, பிறகென்ன?”

பிறகுதான் எல்லாம். அந்தச் சொல் தனியே நின்றால் வெறும் தலைப்பு. அதற்குப் பின்னால் மூன்று வால் வேண்டும்: எந்தக் கட்டளைப்படி, எத்தனையை எடுத்து, யார் காசில்.

‘ஸ்டாண்டர்ட்’டுக்கு இலங்கைத் தமிழ் ‘கட்டளை’ என்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் என்ற பெயரில் அதைக் காணலாம். வெளியூர்க்காரருக்கு உத்தரவு போலக் கேட்டாலும் எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். இன்ன அளவுக்குள் இரு என்று பொருளுக்கு இடும் கட்டளைதானே அது. குக்கருக்குக் கட்டளை IEC 60335-2-15. அதன் முழுச் சோதனையும் ஆய்வுகூடத்தில் நடப்பது. தொழிற்சாலைக்கு ஒரு நாள் போகும் பரிசோதகரால் முடியாது. அவரால் முடிந்ததை எழுத்தில் கேட்க வேண்டும். 230 வோல்ட்டில் மின் எவ்வளவு இழுக்கிறது? 700 வாட் என்று ஒட்டியிருந்தால் 630 முதல் 735 வரை ஏற்கலாம். செருகி நம் ஊர் 13 ஆம்பியர் மூன்று முனையா, உள்ளே பியூஸ் இருக்கிறதா? தரைக் கம்பி தொடர்பில் இருக்கிறதா? வாங்குபவர் கையொப்பமிட்டு முத்திரை வைத்த மாதிரிக் குக்கரோடு நிறமும் கைப்பிடியும் ஒத்திருக்கிறதா? இவ்வளவும் கேட்டால் போதும்.

அடுத்தது மாதிரி அளவு. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நாம் சொல்வது அடுப்பங்கரையில் சரி. பானை முழுக்க ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர். 375 பெட்டியில் அப்படியில்லை: திங்கட்கிழமை செய்ததும் சனிக்கிழமை இரவு வேலையில் செய்ததும் கலந்திருக்கும். எத்தனை எடுக்க வேண்டும் என்பதற்கு ISO 2859-1 என்ற அட்டவணை இருக்கிறது. அதில் பொதுப் படிகள் மூன்று. படி குறிப்பிடாவிட்டால் இரண்டாவது. 1,201 முதல் 3,200 வரையான தொகுதிக்கு முதலாம் படியில் 50, இரண்டாம் படியில் 125, மூன்றாம் படியில் 200 எடுக்க வேண்டும். சோறு சமைத்துப் பார்ப்பதுபோல் நேரமெடுக்கும் சோதனைகளுக்கு விசேட படிகள் உண்டு; S-2 என்றால் இந்தத் தொகுதியில் 8 போதும்.

எடுத்த மாதிரியில் எத்தனை பழுது வரை ஏற்பது என்று அட்டவணையில் பார்க்க உதவும் எண் ஏ.க்யூ.எல். இந்தச் சொல்தான் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது. முன்பு ‘ஏற்கத்தக்க தர மட்டம்’ என்ற பொருளில் வழங்கியதை, ISO அட்டவணையின் 1999 பதிப்பு ‘ஏற்புத் தர வரம்பு’ என்று மாற்றியது. அவ்வளவு பழுது இருக்கலாம் என்று அனுமதி கொடுத்ததுபோல் பழைய பெயர் ஒலித்தது. 2.5 என்று எழுதியதும் 125 இல் இரண்டரை சதவீதம், அதாவது மூன்று பழுது வரை என்று அண்ணை கணக்குப் போட்டார். அப்படியல்ல. அட்டவணைப்படி பெரிய பழுதுக்கு 2.5 என்றால் 125 இல் 7 வரை ஏற்பு, 8 ஆனால் நிராகரிப்பு. சிறு பழுதுக்கு 4.0 என்றால் 10 வரை ஏற்பு. உயிருக்கு ஆபத்தான பழுது, வயர் உறை வெட்டுண்டிருப்பதுபோல, ஒன்று கண்டாலும் நிராகரிப்பு.

முழுச் சரக்கும் உற்பத்தியாகி, குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் கட்டப்பட்ட பிறகுதான் பரிசோதகரை அழைக்க வேண்டும். எல்லா மாதிரியும் முன்வரிசையில் இருந்து வரக்கூடாது. 125 குக்கருக்குக் குறைந்தது 32 பெட்டி திறக்க வேண்டும். அந்தப் பெட்டி எண்களைப் பரிசோதகரே தெரிவு செய்து படமெடுக்க வேண்டும் என்று கேட்டோம். அறிக்கையில் முதலில் நான் பார்ப்பது அந்த எண்களைத்தான். 1, 2, 3 என்று வரிசையாக வந்தால் வாசலோரம் அடுக்கி வைத்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

எண்கள் நன்றாகச் சிதறித்தான் இருந்தன. முடிவு: சிறு கீறல் 4; கைப்பிடித் தறையாணி ஆடியது 6; விளக்கு எரியாதது 3. பெரிய பழுது 9. நிராகரிப்பு.

அன்றிரவே தொழிற்சாலை செய்தி அனுப்பியது: “ஒன்பதையும் மாற்றிவிட்டோம், மிச்சக் காசை அனுப்புங்கள்.” இந்த வலையில்தான் பலர் விழுகிறார்கள். அந்த ஒன்பது கண்ணில் பட்டவை. 125 இல் 9 என்றால் 1,500 இல் கிட்டத்தட்ட 108. மிச்சம் நூறும் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன. முழுத் தொகுதியையும் திறந்து தறையை இறுக்கி, இரண்டாம் முறை பரிசோதிக்க வேண்டும். ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: நூற்றுக்கு ஏழு பழுதுள்ள சரக்கு இதே 125 அட்டவணையில் மூன்றில் ஒரு தடவை தேறியும்விடும். மாதிரி பார்ப்பதன் எல்லை அவ்வளவுதான்.

சரி, இரண்டாம் கட்டணம்? பரிசோதனைக் கொம்பனிகள் ஆள்நாள் கணக்கில் எடுப்பார்கள். அண்ணையிடம் ஒரு நாளுக்கு 290 டொலர் எடுத்தார்கள். அண்ணையின் வரியில் ‘கட்டணம் வாங்குபவருடையது’ என்று மட்டும் இருந்தது, எத்தனையாவது முறை என்று இல்லை. தொழிற்சாலை அதையே பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு பாதியை விலைப்பட்டியலில் கழித்தார்கள். அதற்காகத் தொழிற்சாலையே நேரடியாகக் கட்டட்டும் என்று விடவும் கூடாது. காசு கொடுப்பவர்தான் பரிசோதனைக் கொம்பனியின் கட்சிக்காரர் ஆகிவிடுவார். வாங்குபவர் கட்டி, பிறகு கழித்துக்கொள்வதே வழி.

ஆவணங்களைப் பார்த்து வங்கியே விற்பவருக்குக் காசு கொடுக்கும் நாணயக் கடிதம் திறப்பவர்களுக்கு இன்னொரு குழி. ‘பரிசோதனைச் சான்றிதழ்’ என்று மட்டும் கேட்டால், யார் கொடுத்தது என்று வங்கி பார்க்காது, நாணயக் கடிதங்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600 இன் 14(f) அப்படித்தான் சொல்கிறது. விற்பவரே எழுதிக் கொடுத்தாலும் செல்லும். ‘சுயாதீனமான’ என்று சேர்த்தால், 3 ஆம் உறுப்புரைப்படி விற்பவர் மட்டும் விலகுவார், அவருடைய மைத்துனர் கொடுக்கலாம். கொம்பனியின் பெயரை எழுதிவிட வேண்டும்.

அடுத்த ஓடருக்கு நான் எழுதிய வரி இது: ‘ஏற்றுமுன் பரிசோதனையை வாங்குபவர் பெயர் குறித்த கொம்பனி தொழிற்சாலையில் செய்யும். ISO 2859-1, பொதுப் படி இரண்டு, ஒற்றை மாதிரி எடுப்பு. ஆபத்தான பழுது 0, பெரியது 2.5, சிறியது 4.0. முதற் கட்டணம் வாங்குபவருடையது. நிராகரிப்பாலோ, குறித்த நாளில் சரக்கு ஆயத்தமில்லாததாலோ வரும் மறுபரிசோதனைக் கட்டணம் மீதிப் பணத்தில் கழிக்கப்படும். ஏற்பு அறிக்கை கிடைத்த பின்பே மீதிப் பணம்.’

கடையில் அதைக் கோப்பில் போட்ட பொடியன் மேலே பெரிதாக ‘மூன்றாந்தரப் பரிசோதனை’ என்று எழுதி வைத்திருந்தான். அண்ணை பேனையை எடுத்து நடுவில் ஒரு ‘ப்பு’வைச் செருகினார்.